வெப்பமானி மட்டும் உள்ள மலைத்தோட்டத்தில் நீராவிப்போக்குக் கணக்கு தப்பினால்: அறிகுறி வாரியாகச் சரிபார்ப்பு

நீர்போகக் கேரட்டுக்கு எத்தனை மணி நேரம் ஸ்பிரிங்ளர் ஓட்டலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரே ஒரு கருவிதான் இருக்கும். பம்ப் ஷெட் சுவரில் மாட்டிய, பகலின் உச்சத்தையும் இரவின் தாழ்வையும் காட்டும் வெப்பமானி. காற்று வேகம், ஈரப்பதம், வெயில் நேரம் எதற்கும் பதிவு கிடையாது. அந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு ஒப்புப் புல்வெளி ஒரு நாளில் ஆவியாக இழக்கும் நீரான ஒப்பு நீராவிப்போக்கை (இனி ஈ.டி.) மதிப்பிட ஹார்கிரீவ்ஸும் சமானியும் 1985-இல் தந்த சூத்திரம் போதும். பல வருடமாக ஊட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களின் எக்செல் தாள்களைத் திருத்திக் கொடுத்துவருகிறேன். சூத்திரம் அதேதான், தப்புகளும் திரும்பத் திரும்ப அதேதான். அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

தாளில் B பத்தியில் உச்சம், C-யில் தாழ்வு (இரண்டும் செல்சியஸ்), D-யில் வளிமண்டலத்துக்கு மேலே விழும் வெயில் (`Ra`, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் எத்தனை மெகாஜூல்) இருந்தால், ஒரு நாளைக்கு இத்தனை மி.மீ. என்று விடை தருவது இது:

```
=0.0023*0.408*D2*((B2+C2)/2+17.8)*SQRT(B2-C2)
```

`Ra` என்பது வானிலையைப் பொறுத்ததல்ல. அட்சரேகையும் தேதியும் தெரிந்தால் கணக்கில் வந்துவிடும். ஊட்டிக்கு (11.4° வடக்கு) மாத நடுவில் ஜனவரி 31.2, பிப்ரவரி 34.0, மார்ச் 36.6, ஏப்ரல் 38.0, ஜூலை 37.4. கொடைக்கானல் கொஞ்சம் தெற்கே இருப்பதால் ஜனவரியில் 31.8 வரும். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

## அறிகுறி 1: எண்ணே நம்பும்படி இல்லை

ஜனவரியில் 7, 8, 10 மி.மீ. என்று வந்தால் மலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தப்பு தாளில்தான் இருக்கிறது. செலவில்லாத வேலை என்பதால் முதலில் இதைப் பாருங்கள்.

விடை சரியாக 2.45 மடங்கு பெரிதாக இருக்கிறதா? அப்படியானால் 0.408 விட்டுப்போயிருக்கிறது. மெகாஜூலை மி.மீ. ஆக்கும் எண் அது. `Ra`-வை மி.மீ. கணக்கில் கொடுக்கும் அட்டவணையும் உண்டு. அதிலிருந்து எடுத்தவர்கள் 0.408-ஐப் போடக் கூடாது. இரண்டையும் கலந்தவர்கள்தான் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

மூன்று மடங்குக்கும் மேலே போகிறதா? பதிவேடு ஃபாரன்ஹீட்டில் இருக்கலாம். பழைய தேயிலை எஸ்டேட் ஏடுகளைப் பார்த்து எழுதும்போது இது சகஜம். ஜனவரியில் உச்சம் 68, தாழ்வு 48 என்பதை அப்படியே போட்டால் 9.9 மி.மீ. வருகிறது. 20, 8.9 என்று மாற்றிப் போட்டால் 3.1 தான். தாழ்வுப் பத்தியில் 40-க்கு மேல் ஓர் எண் தென்பட்டாலே விஷயம் தெரிந்துவிடும்.

`Ra`-வை நீங்களே கணக்கிட்டீர்களா? ஊட்டியில் வருடம் முழுக்க அது 30-க்கும் 38-க்கும் நடுவில்தான் நிற்கும். 12 என்றோ மைனஸ் என்றோ வந்தால், அட்சரேகையை டிகிரியிலேயே `SIN`-க்குள் கொடுத்திருக்கிறீர்கள். `RADIANS(11.4)` என்று மாற்றுங்கள்.

`#NUM!` என்று வருகிறதா? அன்றைக்கு உச்சத்தைவிடத் தாழ்வு பெரிது என்று பதிவாகியிருக்கிறது. காலை எட்டரைக்கு ஒரே தடவையில் இரண்டையும் படித்தால், தாழ்வு இன்றைய விடியற்காலையுடையது, உச்சம் நேற்று மதியத்துடையது. உச்சத்தை ஒரு வரி மேலே தள்ளி எழுத வேண்டும். தள்ளாவிட்டாலும் பத்து நாள் சராசரியில் பெரிய சேதம் இல்லை. ஆனால் ஒரு நாள் விடாமல் தினமும் காந்தத்தை இழுத்து ஊசியைத் திரும்ப வைக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். ஒரே உச்சம் நான்கு நாள் வரிசையாக நின்றால் யாரும் வைக்கவில்லை என்று அர்த்தம்.

## அறிகுறி 2: பனிக்காலத்தில் விடை தூக்கலாக வருகிறது, நிலமோ காயவில்லை

என்னிடம் அதிகம் வருகிற கேஸ் இதுதான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பள்ளத்தாக்கு அடியில் இருக்கும் தோட்டங்களிலிருந்து வரும். சூத்திரம் நாளைக்கு 3.7 கேட்கிறது, அதன்படி தண்ணீர் விட்டால் பாத்தி நசநசவென்று கிடக்கிறது என்பார்கள்.

முதலில் வெப்பமானி மாட்டிய இடத்தைப் பாருங்கள். ஒரு தடவை ஒரு தம்பி போன் செய்தார்: "அண்ணா, ஜனவரியில 26 டிகிரி காட்டுது, பரவாயில்லையா?" போய்ப் பார்த்தேன். பம்ப் ஷெட்டின் மேற்குப் பக்கத் தகரத்தில், ஒரே ஒரு ஆணியில் வெப்பமானி தொங்கிக்கொண்டிருந்தது. மதியம் மூன்று மணிக்கு அந்தத் தகரத்தில் கையை வைத்தால் எடுத்துவிடத் தோன்றும். அது காட்டியது தகரத்தின் சூட்டை. தாழ்வு 2 டிகிரியாக இருந்த அந்தத் தோட்டத்தில், உச்சம் 26 என்று போட்டால் 4.6 மி.மீ. வருகிறது. நிழலில், நாலு பக்கமும் காற்றுப் போகும்படி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு வாரம் மாட்டிவைத்தபோது உச்சம் 21-க்கு இறங்கியது. விடையும் 3.7-க்கு வந்தது. செலவு, வெள்ளையடித்த ஒரு பழப்பெட்டி.

இடம் சரியாக இருந்தும் தூக்கலாக இருந்தால், பள்ளம்தான் காரணம். தெளிந்த இரவில் சரிவில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் மாதிரி கீழே வழிந்து ஓடைக்கரையில் தேங்குகிறது. தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும் அதே விடியலில், நூறு மீட்டர் மேலே உள்ள தேயிலைச் சரிவில் வெறும் நீர்ப்பனிதான் இருக்கும். சூத்திரத்துக்கு இது தெரியாது. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி பெரிதானால், வானம் தெளிவாக இருந்தது, வெயில் நன்றாக அடித்தது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். சமவெளியில் அந்த ஊகம் ஓரளவு நிற்கிறது. பள்ளத்தில் இடைவெளியின் ஒரு பகுதி வெயிலால் வந்ததல்ல, தேங்கிய குளிரால் வந்தது.

சரிபார்க்க இன்னொரு வெப்பமானி வேண்டும். அதைப் பள்ளத்திலிருந்து 80, 100 மீட்டர் உயரே, சரிவின் நடுவில் உள்ள யாராவது ஒருவர் தோட்டத்தில் பத்து நாள் மாட்டுங்கள். இரண்டு இடத்தின் உச்சமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்து, தாழ்வு மட்டும் நான்கு ஐந்து டிகிரிக்கு மேல் விலகினால் சந்தேகமே வேண்டாம்.

எண்ணோடு பார்க்கலாம். ஜனவரி நடுவில் பள்ளத்தில் உச்சம் 21, தாழ்வு 2. சராசரி 11.5, இடைவெளி 19. சூத்திரம் தருவது 3.7 மி.மீ. சரிவில் உச்சம் 20.5, தாழ்வு 9. சராசரி 14.75, இடைவெளி 11.5. விடை 3.2 மி.மீ. இரண்டு தோட்டத்துக்கும் வானம் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். குளிராகவும் காற்றில்லாமலும் இருக்கிற பள்ளத்துக்குச் சரிவைவிட அதிகமாகத் தண்ணீர் வேண்டும் என்று விடை சொல்கிறது. இது தலைகீழ்.

நான் செய்யும் திருத்தம் எளிது. சராசரி வெப்பநிலையைப் பள்ளத்திலிருந்தே எடுக்கிறேன், ஏனென்றால் பயிர் அங்கேதான் நிற்கிறது. வர்க்கமூலத்துக்குள் போகும் இடைவெளியைச் சரிவிலிருந்து எடுக்கிறேன், ஏனென்றால் அதுதான் வெயிலைச் சொல்கிறது. சரிவின் உச்சமும் தாழ்வும் E, F பத்தியில் இருந்தால்:

```
=0.0023*0.408*D2*((B2+C2)/2+17.8)*SQRT(E2-F2)
```

விடை 2.9 மி.மீ. இதே நாளுக்கு வெயில் 19 மெகாஜூல், காற்று விநாடிக்கு ஒரு மீட்டர், காற்றில் சுமாரான ஈரம் என்று வைத்து முழு பென்மன்–மான்டீத் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 3.0-ஐ ஒட்டி வருகிறது. ஆக வெறும் சூத்திரத்தின் 3.7-இல் 0.8 மி.மீ. காற்றில் வந்த காசு. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. என்பது 4,047 லிட்டர். நாளைக்கு ஏறத்தாழ 3,200 லிட்டர் வீணாக ஓடியிருக்கும். கிணறு இறங்கும் பிப்ரவரியில் இது சின்ன விஷயமில்லை.

இந்தத் திருத்தம் செல்லாத இடமும் உண்டு. குறுகிய பள்ளங்களில் மலை மறைப்பதால் காலை ஒன்பது மணிக்குத்தான் வெயில் தரையைத் தொடும், நாலு மணிக்கே போய்விடும். `Ra` திறந்த சமதளத்துக்குப் போட்ட கணக்கு. அங்கே 2.9-கூட அதிகம்தான். வெயில் தொடும் நேரத்தையும் விலகும் நேரத்தையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மறைகிறது என்றால் இந்தச் சூத்திரத்தை விட்டுவிட்டு மண்ணைத் தோண்டிப் பார்த்துத் தண்ணீர் விடுவது மேல்.

## அறிகுறி 3: முகட்டில் நிலம் காய்கிறது, விடையோ குறைவாகச் சொல்கிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். மார்ச் மாதம், மேட்டுத் தோட்டம், மழையில்லை, காற்று ஓயவில்லை. சூத்திரம் 3.3 சொல்கிறது. பூண்டுப் பாத்தி இரண்டாம் நாளே வெளுத்துவிடுகிறது.

முகட்டில் குளிர்காற்று தங்காமல் வழிந்துவிடுவதால் இரவு அவ்வளவாகக் குளிராது. பகலிலும் காற்று கலக்கிவிடுவதால் உச்சம் ஏறாது. இடைவெளி இரண்டு பக்கமும் சுருங்குகிறது. சூத்திரம் அதை மேகம் என்று எடுத்துக்கொள்கிறது. போதாததற்கு, காற்று என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. விநாடிக்கு மூன்று மீட்டருக்கு மேல் காற்று வீசும் இடத்தில் இந்தச் சூத்திரம் குறைத்துச் சொல்லும் என்று உணவு வேளாண் அமைப்பின் 56-ஆம் பாசன ஏடே (1998) எச்சரிக்கிறது.

மார்ச் நடுவில் முகட்டில் உச்சம் 20.5, தாழ்வு 12.5 என்று வையுங்கள். சூத்திரம்: 3.3 மி.மீ. வெயில் 21 மெகாஜூல், காற்று மூன்றரை மீட்டர், ஈரப்பதம் பாதிக்குச் சற்று மேல் என்று முழுக் கணக்குப் போட்டால் 4.7. இரண்டு தவறும் ஒரே பக்கம் சாய்வதால்தான் இவ்வளவு பெரிய பள்ளம் விழுகிறது.

காசில்லாத சோதனை: பகல் பதினொன்று முதல் மூன்று வரை நாலைந்து தடவை மரத்தைப் பாருங்கள். இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தால் காற்று மூன்று மீட்டரைத் தாண்டிவிட்டது. இலை மட்டும் சலசலத்தால் தாண்டவில்லை.

சில ஆயிரம் ரூபாய்ச் சோதனை: கையில் பிடிக்கும் காற்றுமானி. அதை இரண்டு மீட்டர் உயரத்தில் பிடித்து, காலை, மதியம், மாலை என்று பத்து நாள் எழுதுங்கள். அந்தச் சராசரி கிடைத்தால் முழு பென்மன்–மான்டீத்தில் காற்றுக்கு உங்கள் சொந்த எண்ணைப் போடலாம். காற்றுப் பதிவே இல்லாதபோது அந்த 56-ஆம் ஏடு போடச் சொல்வது விநாடிக்கு 2 மீட்டர். முகட்டுக்கு அது போதாது, பள்ளத்துக்கு அது அதிகம்.

இடைவெளி வழியாக வெயிலை மதிப்பிடுவதில் உள்ள குறை அப்போதும் இருக்கும். அதற்கும் சரிவுத் தோட்டத்தின் இடைவெளியையே கடன் வாங்குங்கள். இவ்வளவு செய்தும் விடைக்கும் நிலத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், அதற்கு மேல் தனியாக மல்லுக்கட்டாதீர்கள். கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

## அறிகுறி 4: மூடுபனிக் காலத்தில் விடை இறங்கமாட்டேன் என்கிறது

ஊட்டி, கூடலூர்ப் பக்கத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்ட். கொடைக்கானலுக்கும் கோத்தகிரிக்கும் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர். நாள் முழுக்க மூட்டம், துணி காயாது, செம்மண் பாதை சேறு. தாளில் மட்டும் 2.7 மி.மீ.

ஜூலை நடுவில் ஊட்டியில் உச்சம் 17.5, தாழ்வு 12 என்றால் சூத்திரம் 2.7 தருகிறது. வெயில் 11 மெகாஜூல்தான், ஈரப்பதம் 90-ஐ ஒட்டி, காற்று மூன்று மீட்டர் என்று முழுக் கணக்குப் போட்டால் 2.0. காற்று வீசினாலும் அது உறிஞ்ச ஒன்றுமில்லை, ஏற்கெனவே நனைந்த காற்று. ஈரம் மிகுந்த இடத்தில் சூத்திரம் கூட்டிச் சொல்லும் என்பதும் அதே 56-ஆம் ஏட்டில் இருக்கிறது.

முதலில்: எந்த ஊர் வெப்பநிலையைப் போட்டீர்கள் என்று பாருங்கள். கோயம்புத்தூர்ப் பதிவிலிருந்து இறக்கியது என்றால் நேராக அறிகுறி 5-க்குப் போங்கள்.

அடுத்து: மாதத்தை ஒரே கட்டியாகப் பார்க்காமல் மூட்ட நாள், வெளிச்ச நாள் என்று பிரியுங்கள். மூட்ட நாளுக்கு மட்டும் ஒரு பெருக்கல் எண் வையுங்கள். என் உதாரணத்தில் அது 2.0 வகுத்தல் 2.7, அதாவது 0.74. உங்கள் இடத்துக்கு அது வேறாக இருக்கும். ஆகஸ்டில் பத்து நாள் மழை விட்டு வெயில் அடித்தால் அந்த நாட்களுக்கு இதைப் பெருக்காதீர்கள். தண்ணீர் தேவைப்படுவதே அந்தப் பத்து நாளில்தான். வருடம் முழுக்க ஒரே எண்ணால் பெருக்கி வைத்திருக்கும் தாள்கள்தான் அங்கே பயிரை வாட விடுகின்றன.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்க சிலர் டிரம்மை வெட்டித் தொட்டி வைத்து ஆவியாவதை அளக்கிறார்கள். மழைக்காலத்தில் அது வீண் வேலை. உள்ளே விழும் மழையைக் கழிக்கவேண்டும், தெறித்து வெளியே போவதைக் கணக்கிட வழியில்லை. கழித்து மிஞ்சும் இரண்டு மி.மீ. முழுக்கத் தெறிப்பாகவே இருக்கலாம்.

## அறிகுறி 5: பக்கத்து ஊர்ப் பதிவிலிருந்து போட்டேன், பருவமே பொருந்தவில்லை

வெப்பமானிகூட இல்லாதவர்கள் கோயம்புத்தூர் எண்ணை எடுத்து, 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி என்று கழித்து மலைக்கு ஏற்றுவார்கள். சராசரிக்கு இது மோசமில்லை. இடைவெளிக்கு இது உதவவே உதவாது. உச்சத்திலும் தாழ்விலும் ஒரே அளவைக் கழித்தால், சமவெளியின் இடைவெளி அப்படியே மலைக்கு வந்துவிடும்.

ஜூலையில் கோயம்புத்தூரில் உச்சம் 31, தாழ்வு 22 என்று வையுங்கள். ஊட்டிக்கு 1,830 மீட்டர் ஏற்றம், கழிக்கவேண்டியது 11.9. கிடைப்பது 19.1, 10.1. விடை 3.4 மி.மீ. அங்கே மலை மறைவில் வெயிலடிக்கும் நாளில் இங்கே மூட்டம். அந்த ஊர் வெயில் இந்த ஊர்க் கணக்குக்குள் நுழைந்துவிட்டது. உண்மை 2.0 பக்கம் இருக்க, 3.4 என்பது ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கட்டத் தரவிலும் இதே கதை, வேறு வேடத்தில். அரை டிகிரிக் கட்டம் என்றால் ஒரு பக்கம் சுமார் 55 கி.மீ. ஊட்டியும் மேட்டுப்பாளையமும் அதற்குள் ஒன்றாக அடங்கிவிடக்கூடும். 2,240 மீட்டரும் 300 சொச்சம் மீட்டரும் கலந்து ஒரு சராசரி மலை உருவாகிறது, அப்படி ஒரு ஊர் எங்கும் இல்லை. இறக்கிய கோப்பின் தலைப்பில் `Elevation` என்று ஓர் எண் இருக்கும். உங்கள் தோட்டத்தின் உயரத்திலிருந்து அது 300 மீட்டருக்கு மேல் விலகினால் அந்த வெப்பநிலையைத் தொடாதீர்கள்.

தீர்வு மலிவானது. ஒரு வெப்பமானி வாங்கி மாட்டுங்கள். அதுவரைக்கும் அதே மலையில், ஏறத்தாழ அதே உயரத்தில், அதே மழைப் பக்கத்தில் இருப்பவரிடம் கடன் வாங்குங்கள். குன்னூருக்கு ஊட்டி எண் வேண்டாம். தூரம் குறைவுதான், ஆனால் மழைக்காலமே வேறு.

## அறிகுறி 6: வருடம் முழுக்க விடை 2-க்குக் கீழேயே படுத்துக்கிடக்கிறது

ஏட்டில் மாதச் சராசரி மட்டும் இருந்திருக்கும், யாரோ தார்ன்த்வெயிட் (1948) சூத்திரம் போட்டிருப்பார்கள். அது சராசரி வெப்பநிலையையும் பகல் நீளத்தையும் மட்டும் பார்க்கும். வருடம் முழுக்க 14 டிகிரியை ஒட்டி நிற்கும் ஊருக்கு அது மாதம் 56 மி.மீ. தருகிறது, நாளைக்கு 1.8. ஜனவரிச் சரிவில் 3.2 வேண்டிய இடத்தில் இது. வறண்ட தெளிந்த வானமும் ஜூலை மூட்டமும் அதற்கு ஒன்றுதான். பகல் நீளத்துக்காகத் திருத்தினால் ஜூலைக்குத்தான் கொஞ்சம் கூடும், அதாவது தப்பான பக்கம். சராசரி மட்டும் உள்ள ஏட்டை வைத்துப் பாசனக் கணக்குப் போடாதீர்கள்.

## அறிகுறி 7: தினமும் விடை குதிக்கிறது

இன்றைக்கு 2.1, நாளைக்கு 3.9. கவலை வேண்டாம், சூத்திரம் ஒரு நாளுக்கானதல்ல. இரவில் மேகம் வந்தால் தாழ்வு ஏறும், இடைவெளி சுருங்கும், பகல் வெயில் அப்படியே இருந்திருக்கும். ஐந்து நாளுக்குக் குறையாமல், முடிந்தால் பத்து நாள் சராசரி உச்சம், சராசரி தாழ்வு எடுத்து ஒரே தடவை கணக்குப் போடுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

தாள், மாட்டிய இடம், சரிவு வெப்பமானி, காற்று என்று நான்கையும் பார்த்த பிறகும் மழையில்லாத பத்து நாளில் விடைக்கும் மண்ணுக்கும் நாளைக்கு ஒரு மி.மீ.க்கு மேல் விலகினால், அப்போது. மண்ணைப் பார்ப்பது எப்படி என்றால், தண்ணீர் விட்ட மறுநாளும் பத்தாம் நாளும் வேர் ஆழத்தில் ஒரே அளவு குழாயால் மண் எடுத்து, எடை போட்டு, காயவைத்து மறுபடி எடை போடுவது. அடுப்பு மேல் தவாவில் காயவைத்தாலும் போதும், கருகவிடாமல். இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. சூத்திரம் சொல்வது ஒப்புப் புல்லுக்கான அளவு. இளம் கேரட் அதைவிடக் குறைவாகத்தான் குடிக்கும். பயிர்க் குணகத்தால் பெருக்காமல் ஒப்பிட்டுவிட்டு, சூத்திரம் தப்பு என்று வந்தவர்கள் உண்டு.

ஊட்டியில் மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. "ஈ.டி. தப்பாக வருகிறது" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. கையில் கொண்டுபோக வேண்டியவை: குறைந்தது ஒரு நீர்போகத்துக்கான தினசரி உச்சம் தாழ்வு, வெப்பமானி மாட்டிய இடத்தின் போட்டோ, தோட்டத்தின் உயரம், வெயில் தொடும் நேரம், பத்து நாள் காற்றுக் குறிப்பு. அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முழுக் கருவிகள் உள்ள நிலையத்தில் அதே நாட்களுக்கு பென்மன்–மான்டீத் எவ்வளவு, அந்த நிலையத்தின் உச்சம் தாழ்வை வைத்து ஹார்கிரீவ்ஸ் எவ்வளவு. இரண்டையும் பருவம் வாரியாகக் கூட்டி வகுத்தால் அந்த உயரத்துக்கான பெருக்கல் எண் கிடைக்கும்.

அந்த எண் சரிவுக்குப் பொருந்தும். பள்ளத்தில் இருப்பவர்கள் அதைப் போடுவதற்கு முன், அறிகுறி 2-இல் சொன்ன இடைவெளித் திருத்தத்தைச் செய்திருக்க வேண்டும்.